விலை ஏறுது, ஓபிவி இறங்குது: விற்கணுமா?

கேள்வி: தினமும் மாலையில் வாட்ச்லிஸ்ட்டை ஸ்கேன் செய்கிறேன். ஒரு பங்கு புது உச்சம் தொட்டிருக்கிறது, ஆனால் தினமும் கைமாறும் பங்குகளின் எண்ணிக்கையை, அதாவது வால்யூமை, கூட்டிக் கழித்துப் போடும் ஓபிவி பழைய உச்சத்துக்குக் கீழே நிற்கிறது என்று ஸ்கேன் கொடி காட்டுகிறது. விற்றுவிடலாமா? இதைத் தானாகப் பிடித்துத் தரும் கட்டண ஸ்கேனர் வாங்கலாமா?

பதில்: உடனே விற்க வேண்டாம். அந்த இடைவெளி எந்த நாளில் உண்டானது என்று முதலில் பாருங்கள்.

1960-களில் அமெரிக்கச் சந்தை ஆய்வாளர் ஜோசப் கிரான்வில் பரப்பிய இந்த ஓபிவி கணக்கு ரொம்ப முரட்டுத்தனமானது. குளோசிங் விலை நேற்றையதைவிட ஏறினால் அன்றைய மொத்த வால்யூமையும் கூட்டு. இறங்கினால் மொத்தத்தையும் கழி. பத்து பைசா இறங்கினாலும் சரி, பத்து ரூபாய் இறங்கினாலும் சரி, கழிப்பது ஒன்றுதான். சிக்கலே இங்கேதான்.

ஒரு கற்பனைப் பங்கை எடுத்துக்கொள்வோம். முதல் உச்சத்தில் விலை 200, ஓபிவி 40 லட்சம். எட்டு நாள் கழித்து விலை 206, ஓபிவி 32 லட்சம். இடையில் ஐந்து நாள் ஏற்றம், நாளுக்கு 2 லட்சம் வால்யூம், கூட்டினால் 10. மூன்று நாள் இறக்கம், கழித்தது 18.

அந்த 18 எப்படி வந்தது? மூன்று நாளும் நாளுக்கு 6 லட்சம் என்றால் கவலைப்படலாம். இறங்கும்போதெல்லாம் ஏறும் நாளைவிட மூன்று மடங்கு பங்குகள் கைமாறுகின்றன. ஏற்றத்தைப் பயன்படுத்தி யாரோ கையிருப்பைத் தள்ளிவிடுகிறார்கள் என்று சந்தேகிக்க இடமுண்டு. ஆனால் 3, 3, 12 என்று வந்திருந்தால் கதையே வேறு. அந்த 12 லட்சம் நாளில் விலை 198.40-லிருந்து 198.30-க்குத்தான் நகர்ந்தது, வால்யூமில் பெரும்பகுதி ஒரே பெரிய பரிவர்த்தனை என்று வையுங்கள். அந்த ஒரு நாளை விட்டுவிட்டுக் கணக்குப் போட்டால் ஓபிவி 44 லட்சம், அதாவது அதுவும் புது உச்சம். கொடியே காணாமல் போகும்!

நானும் ஆரம்பத்தில் இப்படி ஒற்றை நாளைப் பார்த்து மிரண்டு விற்றவன்தான். பங்குப் பிரிப்பு நடந்த பங்கில் பழைய வால்யூம் திருத்தப்படாமல் இருந்தாலும் இதே போலிக்கொடி வரலாம்.

நிஜமான கொடி என்றாலும் அது தேதி சொல்லாது. வாரக்கணக்கில் விலை மேலேயே போய்க்கொண்டிருக்கலாம். அதனால் புதிதாக வாங்குவதை நிறுத்திவையுங்கள். இரண்டு உச்சங்களுக்கும் நடுவில் விலை தொட்ட தாழ்விடத்துக்குக் கீழே குளோசிங் வந்தால் வெளியேறுங்கள். ஓபிவி பழைய 40 லட்சத்தைத் தாண்டிவிட்டால் கொடியை எடுத்துவிடலாம்.

அப்புறம், ஸ்கேனர். விரிதாளில் B-யில் குளோசிங், C-யில் வால்யூம் போட்டு, D2-வில் 0 வைத்து, D3-இல் இதை எழுதிக் கீழே இழுத்தால் போதும்:

```
=IF(B3>B2,D2+C3,IF(B3<B2,D2-C3,D2))
```

காசு கொடுத்துத்தான் வாங்குவீர்கள் என்றால், கொடிக்குக் காரணமான நாளை அது பிரித்துக் காட்டுகிறதா என்று இலவசச் சோதனைக் காலத்திலேயே பார்த்துவிடுங்கள்.