தவணை அவகாசம் கேட்கும் கடிதம்: ஆங்கில மாதிரியை அப்படியே தமிழாக்கலாமா?

"ஐயா, எங்க வீட்டுக்காரர் குட்டி யானை ஓட்டுறார். மாட்டுத்தாவணிக்குக் காய்கறி லோடு ஏத்தும்போது விழுந்து கால் முறிஞ்சு போச்சு. மூணு மாசம் வண்டி எடுக்க முடியாது. பேங்க் பாக்கி 3 லட்சம், 12 சதவீத வட்டி, 36 தவணை இருக்கு. மாசம் 9,964 ரூபாய். ஜூன் 5 தவணை கட்டலை. கொழுந்தனார் ஜாமீன் போட்டிருக்கார். அக்கா பையன் நெட்டுல இருந்து ஒரு ஆங்கில லெட்டர் எடுத்துத் தந்தான். அதைத் தமிழ்ல மாத்தி நான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தா செல்லுமா?"
— திருமங்கலம் வாசகி

தமிழில் கொடுக்கலாம், ஆனால் கையெழுத்து உங்களுடையதாக இருக்கக் கூடாது. கடன் அவர் பெயரில் இருக்கிறது, முறிந்தது கால்தான், கை இல்லை. அவரே போடட்டும். மேனேஜர் வடக்கே இருந்து வந்தவராக இருந்தால், பொருள் வரியையும் கடன் எண்ணையும் மட்டும் ஆங்கிலத்திலும் எழுதிவிடுங்கள். கடிதம் மேசையில் கிடக்காமல் நகரும்.

நீங்கள் அனுப்பிய மாதிரி வெளிநாட்டுக் கடிதம். அங்கே இதை 'பேமென்ட் ஹாலிடே' என்பார்கள். அந்த 'ஹாலிடே'யில்தான் நம் ஆட்கள் வழுக்கி விழுகிறார்கள். 'விடுமுறை' என்று எழுதினால் சிரித்துவிட்டாவது படிப்பார்கள். 'தள்ளுபடி' என்று எழுதினால் தொலைந்தது. நான் வேலை பார்த்த ஒரு கிளையில் ஒருவர் இரண்டு மாத அவகாசம்தான் கேட்க நினைத்தார், 'தவணைத் தள்ளுபடி வேண்டி' என்று எழுதிவிட்டார். 'தள்ளுபடித் திட்டம் எதுவும் நடப்பில் இல்லை' என்று ஒரு வரிப் பதில் போய் ஃபைல் மூடப்பட்டது. கேட்டதையே யாரும் படிக்கவில்லை. 'செட்டில்மென்ட்' என்ற சொல்லும் வேண்டாம். அது பாதி கட்டி மீதியை விடச் சொல்வது. சிபில் அறிக்கையில் 'செட்டில்ட்' என்று ஏறினால் அடுத்த கடனுக்கு வருடக்கணக்கில் அலைய வேண்டும். நீங்கள் எழுத வேண்டியது 'தவணை அவகாசம்'. பேங்க்காரருக்குப் புரிய 'மொரட்டோரியம்' என்று பக்கத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மாதிரியில் 'வட்டியை நிறுத்திவையுங்கள்' என்று ஒரு வரி இருக்கிறது. அதை அடித்துவிடுங்கள். 2020-ல் கொரோனாவுக்காக ரிசர்வ் வங்கி மார்ச் முதல் ஆகஸ்ட் வரை அனுமதித்த அவகாசத்தில்கூட வட்டி ஓடிக்கொண்டுதான் இருந்தது. வட்டிக்கு வட்டி போடக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2021 மார்ச்சில் சொன்னதே தவிர, வட்டியே வேண்டாம் என்று சொல்லவில்லை. உங்கள் கணக்கில் மாத வட்டி 3,000. மூன்று மாதம் ஒன்றுமே கட்டாவிட்டால் பாக்கி 3,09,090 ஆகும். அதே 9,964 கட்டிக்கொண்டே போனால் கடைசியில் ஒரு முழுத் தவணையும் இன்னொரு மூவாயிரத்துச் சொச்சமும் கூடும், ஆக சுமார் 13,000 ரூபாய். வட்டியை மட்டும் மாதாமாதம் கட்டினால் 9,000 ரூபாயோடு முடியும், அசல் 3 லட்சத்திலேயே நிற்கும். முடிந்தால் அதையே கேளுங்கள். பூஜ்யம் கேட்பவரைவிட மூவாயிரம் கட்டுகிறேன் என்பவர் பேச்சுக்கு மேனேஜரும் காது கொடுப்பார்.

கடிதத்தின் நடுப்பகுதி இவ்வளவு போதும்:

"மேற்கண்ட வண்டிக் கடனைத் தவறாமல் கட்டி வந்தேன். மே மாதம் லோடு ஏற்றும்போது விழுந்து வலது கால் முறிந்தது. மூன்று மாதம் ஓட்டக் கூடாது என்று மருத்துவர் எழுதிய சீட்டின் நகலை இணைத்துள்ளேன். ஜூன், ஜூலை, ஆகஸ்ட் ஆகிய மூன்று தவணைகளுக்கு அவகாசம் வேண்டுகிறேன். இந்த மாதங்களின் வட்டியைக் கட்டிவிடுவேன். செப்டம்பர் 5 முதல் முழுத் தவணை கட்டுவேன். அதுவரை என் சேமிப்புக் கணக்கில் தானாகத் தவணை எடுப்பதை நிறுத்திவைக்கவும். முடிவையும் திருத்திய தவணை அட்டவணையையும் எழுத்தில் தரவும்."

தானாகத் தவணை எடுப்பதை நிறுத்தச் சொல்லும் அந்த வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். வெளிநாட்டு மாதிரியில் அது இல்லை. இங்கே அவகாசத்தை மேனேஜர் ஒப்புக்கொண்டாலும், 5-ஆம் தேதி கணினி தன் பாட்டுக்குத் தவணை கேட்கும். காசு இல்லையென்றால் ரிட்டர்ன் சார்ஜ் விழும். ஒரு மேசை சொன்னது அடுத்த மேசைக்குத் தெரியாத அலுவலகத்தில், சார்ஜை மட்டும் பாரபட்சமில்லாமல் போடுவார்கள்.

"முடிஞ்சப்ப கட்டுங்க, பாத்துக்கலாம்" என்று மேனேஜர் வாயால் சொன்னால் நம்பி வீட்டுக்கு வந்துவிடாதீர்கள். அவர் கெட்டவர் இல்லை. எழுத்தில் அவகாசம் கொடுத்தால் அது 'மறுசீரமைப்பு' ஆகும், பொதுவாக அந்தக் கணக்கை வாராக்கடனாகக் காட்ட வேண்டி வரும், மேலே இருந்து கேள்வி வரும். அதனால் இழுப்பார். ஆனால் நாள் அவருக்காக நிற்காது. ஜூன் 5 தவணை நிலுவையிலேயே இருந்தால் செப்டம்பர் 3 அன்று 90 நாள் ஆகி, கணக்கு தானாகவே வாராக்கடன் ஆகிவிடும். எழுத்தில் பதில் வராவிட்டால், நகையை வைத்தாவது அதற்கு முன் ஜூன் தவணை ஒன்றையாவது அடைத்துவிடுங்கள். எண்ணிக்கை அடுத்த பழைய தவணைக்கு மாறும், மூச்சு விட ஒரு மாதம் கிடைக்கும்.

இனி உங்கள் கொழுந்தனார். இதை யாரும் சொல்வதில்லை, அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன். ஜாமீன்தாரரின் சம்மதம் இல்லாமல் கடனாளிக்கு அவகாசம் கொடுத்தால் ஜாமீன்தாரர் பொறுப்பிலிருந்து விடுபடுவார் என்று 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம் 135-வது பிரிவு சொல்கிறது. வங்கிகள் உஷாராக, முதல் நாளே 'அவகாசம் கொடுத்தாலும் என் பொறுப்பு தொடரும்' என்று அவரிடம் கையெழுத்து வாங்கியிருப்பார்கள். இருந்தாலும் மறுபடி அவரைக் கூட்டி வரச் சொல்வார்கள். அவர் திருப்பூரில் வேலை பார்த்தால் கடிதம் அவருக்காகவே ஒரு மாதம் காத்துக் கிடக்கும். ஆகவே கடிதத்தின் அடியிலேயே 'மேற்படி அவகாசத்துக்கு எனக்குச் சம்மதம்' என்று எழுதி அவர் கையெழுத்தையும் வாங்கிக் கொண்டுபோங்கள். போடுமுன் அவரும் படித்துப் பார்க்கட்டும். அவகாசக் கடிதம் என்று சொல்லி, கூடுதல் கடனுக்கான படிவத்தையும் சேர்த்து நீட்டுவது நடக்கிற விஷயம்தான். வெற்றுப் படிவத்தில் கையெழுத்துக் கூடவே கூடாது. ஜாமீன் இல்லாத கடன்காரருக்கு இந்தத் தலைவலி இல்லை.

வங்கி வாசலில் டைப் அடிப்பவரிடம் போனால், இரண்டு பக்கம் 'பணிவான வணக்கத்துடன்' அடித்துக் கொடுப்பார், தேவையான மூன்று வரி அதில் இருக்காது. அதைவிட மோசம், "மேனேஜர் நம்மாளு, மூவாயிரம் கொடுங்க, முடிச்சுத் தர்றேன்" என்று வருகிறவர். அந்த மூவாயிரத்தில் உங்கள் ஒரு மாத வட்டி கட்டலாம். போனில் கூப்பிட்டு அவகாசம் தருகிறோம், ஓடிபி சொல்லுங்கள் என்றால் அது திருட்டு. 2020-லேயே இந்த வித்தையில் பணம் பறித்தார்கள்.

இரண்டு பிரதி எடுத்துப் போங்கள். ஒன்றைக் கொடுத்து, மற்றதில் தேதியோடு முத்திரை வாங்குங்கள். போட மறுத்தால் சண்டை வேண்டாம், அன்றைக்கே ஸ்பீட் போஸ்டில் அனுப்பி ரசீதைப் பிரதியோடு குத்தி வையுங்கள். 30 நாளில் பதில் இல்லையென்றால் cms.rbi.org.in தளத்தில் வங்கிக் குறைதீர்ப்பாளரிடம் புகார் பதியலாம், கட்டணம் இல்லை. அவகாசம் கொடுத்தே ஆக வேண்டும் என்று அவர் உத்தரவிட மாட்டார். பதிலே தராமல் உட்கார்ந்திருப்பதைத்தான் கேட்பார். அதற்கும் அந்த முத்திரை வைத்த பிரதிதான் வேண்டும்.