கீறிய கட்டி ஏன் மறுபடி வந்தது?

கேள்வி: திருப்பூரில் பனியன் கம்பெனியில் ஓவர்லாக் மெஷினில் தைக்கிறேன். வயது 31. எட்டு மாதத்துக்கு முன் பிறப்புறுப்பின் வாயிலில் இடப்பக்கம் கட்டி வந்து, கீறிச் சீழ் எடுத்தார்கள். இப்போது அதே இடத்தில் மறுபடியும் வீங்கியிருக்கிறது, உட்கார முடியவில்லை. ஆபரேஷன் செய்து, வாய் திறந்திருக்கும்படி தைக்க வேண்டும் என்கிறார் டாக்டர். அம்மாவோ சூட்டுக் கட்டி, விளக்கெண்ணெய் போதும் என்கிறார். ஆபரேஷன் தேவைதானா? இன்னொரு குழந்தை பெறச் சிக்கல் வருமா?

பதில்: உங்கள் டாக்டர் சொல்வது சரி. போன முறை கீறியவர் தவறாகச் செய்திருப்பார் என்றும் நினைக்க வேண்டாம். கீறினால் சீழ் வெளியேறும், வலி அன்றைக்கே அடங்கும். ஆனால் அந்தக் கீறல் சில நாட்களில் மூடிக்கொள்ளும். சிக்கல் அங்கேதான் இருக்கிறது.

பிறப்புறுப்பு வாயிலின் கீழ்ப்பாதியில், இரண்டு பக்கமும் பட்டாணி அளவில் பார்த்தோலின் சுரப்பிகள் உள்ளன. அவை சுரக்கும் வழுவழுப்பான நீர், சுமார் இரண்டு சென்டிமீட்டர் நீளமுள்ள மெல்லிய குழாய் வழியே வெளியே வருகிறது. அந்தக் குழாயின் வாய் அடைபட்டாலும் சுரப்பி சுரப்பதை நிறுத்தாது. நீர் தேங்கிக் குழாய் உப்புகிறது, இதுதான் நீர்க்கட்டி. வலி இல்லாத சிறு நீர்க்கட்டியை, உங்கள் வயதில், ஒன்றும் செய்யாமல் விட்டுவிடலாம். தேங்கிய நீரில் கிருமி சேர்ந்துவிட்டால் இரண்டு மூன்று நாளில் சீழ்க்கட்டியாகி, நடக்கவும் உட்காரவும் விடாது.

உங்களுக்கு எட்டு மாதத்துக்கு முன் சீழ் போனது; குழாயின் வாய் திறக்கவில்லை. கீறிய இடமும் ஒட்டிக்கொண்டதால் நீர் மறுபடி தேங்கியிருக்கிறது. உடல் சூட்டுக்கும் இதற்கும் தொடர்பில்லை. மெஷின் முன் நாள் முழுக்க உட்காருவது வலியைக் கூட்டும், ஆனால் கட்டிக்குக் காரணம் அதுவல்ல. கிருமி பெரும்பாலும் குடலிலும் அக்கம்பக்கத் தோலிலும் சாதாரணமாக வாழ்வதுதான். சில நேரம் உடலுறவு வழியே பரவும் கிருமியும் இருக்கலாம் என்பதால் சீழைப் பரிசோதனைக்கு அனுப்புவோம். முடிவு வரும் முன்பே வீட்டில் யாரும் யாரையும் சந்தேகிக்க வேண்டியதில்லை.

இப்போது சொல்லியிருப்பது மார்சுபியலைசேஷன். முதுகில் ஊசி போட்டோ, சிறிது நேரம் மயக்கம் கொடுத்தோ செய்வார்கள். கட்டியின் உட்புறம், ஈரமான தோல் இருக்கும் பக்கத்தில், ஒன்றரை முதல் இரண்டு சென்டிமீட்டர் வரை கீறிச் சீழை வடித்துக் கழுவுவார்கள். பிறகு கட்டியின் உள்சுவர் விளிம்பைப் பிடித்து, வெளித்தோலின் விளிம்போடு சுற்றிலும் தைப்பார்கள். இரண்டு விளிம்பும் ஒன்றாக ஆறிவிடுவதால் வாய் ஒட்டிக்கொள்வதில்லை. வாரங்கள் போகப்போக அது சுருங்கிச் சிறு துளையாக நிற்கும். சுரப்பிக்கு அதுவே புதிய வழி. தையல் தானாகக் கரையும். பெரும்பாலும் அன்றோ மறுநாளோ வீடு திரும்பலாம். சில மருத்துவமனைகளில் இதற்குப் பதிலாக, நுனியில் சிறு பலூன் உள்ள வேர்ட் கதீட்டர் என்ற குழாயைச் செருகி நான்கு வாரம் வைப்பார்கள். நோக்கம் ஒன்றுதான்.

கட்டி மறுபடி வரவே வராது என்று உறுதி கொடுக்க மாட்டேன். புதிய வாயும் அரிதாகச் சுருங்கி மூடலாம். ஆனால் வெறுமனே கீறுவதைவிட இதற்குப் பலன் அதிகம். சுரப்பியையே எடுத்துவிடக் கேட்பவர்களும் உண்டு. அதன் பின்னால் இரத்த நாளங்கள் நிறைந்த திசு இருப்பதால் இரத்தப்போக்கு அதிகம்; அதைக் கடைசி வழியாகவே வைத்திருக்கிறோம்.

கருத்தரிப்பதில் இந்தச் சுரப்பிக்குப் பங்கில்லை. சுகப்பிரசவத்துக்கும் இந்த ஆபரேஷன் தடையாகாது.

ஆபரேஷன் நாள்வரை, இடுப்பு நனையும் அளவு அகலப் பேசினில் பொறுக்கும் சூட்டில் வெந்நீர் ஊற்றி, பத்துப் பதினைந்து நிமிடம், நாளுக்கு மூன்று நான்கு முறை உட்காருங்கள். தானாக உடைந்தால் உடையட்டும். அழுத்திப் பிதுக்க வேண்டாம். விளக்கெண்ணெய் தோலுக்கு மேலேயே நின்றுவிடும். மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் போடும் பழக்கம் நம் பக்கம் உண்டு. அந்த இடத்துத் தோல் வெந்துவிடும், தொடவே வேண்டாம். காய்ச்சலும் நடுக்கமும் வந்தாலோ, சிவப்பு தொடைப்பக்கம் பரவினாலோ தேதிக்காகக் காத்திருக்காமல் அன்றே போய்விடுங்கள். சர்க்கரை இருந்தால் இது வேகமாக முற்றும். இரத்தச் சர்க்கரையை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆபரேஷனுக்குப் பின் சில நாள் இரத்தம் கலந்த நீர் கசிவது இயல்பு. நாப்கின் நனைந்துகொண்டே இருந்தால் இயல்பல்ல. கம்பெனியில் ஒரு வாரம் விடுப்புச் சொல்லிவைப்பது நல்லது. தாம்பத்தியத்தை நான்கு வாரமாவது, டாக்டர் பார்த்துச் சொல்லும்வரை, தள்ளிப்போடுங்கள். உங்கள் அம்மாவுக்கு ஒரு வார்த்தை: நாற்பதைத் தாண்டியவருக்கு அந்த இடத்தில் புதிதாகக் கட்டி வந்தால், வலி இல்லாவிட்டாலும், சிறிது சதை எடுத்துப் புற்றுநோய் இல்லை என்று பார்த்துவிட வேண்டும். அந்த வயதில் எண்ணெய் தடவிக் காத்திருக்கக் கூடாது.