மாட்டுக் கொட்டகைத் தரைக்கு மணலா, ரப்பர் மேட்டா, வைக்கோலா?

கேள்வி: சிமென்ட் தரையில் ஐந்து கலப்பினப் பசுக்கள் நிற்கின்றன. முழங்கால் வீங்குகிறது, மடிநோயும் வருகிறது. கீழே என்ன போடலாம்?

மடிநோயை மட்டும் பார்த்தால் மணல்தான். அதில் கிருமி தின்று பெருக எதுவும் இல்லை, ஈரமும் கீழே வடிந்துவிடும். ஆனால் 15 செ.மீ. ஆழமாவது வேண்டும். மெல்லிசாகத் தூவினால் சிமென்ட்டில் படுப்பதும் அதுவும் ஒன்றுதான். கூர்முனை உள்ள எம்-சாண்ட் தோலைச் சிராய்க்கும். சாண எரிவாயுக் கலன் வைத்திருந்தால் மணலை மறந்துவிடுங்கள். அடியில் படிந்து கலனையே அடைத்துவிடும்.

வைக்கோல் மெத்தென்று இருக்கும், முழங்காலுக்கு நல்லது. நனைந்தால்தான் வம்பு. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் யூபெரிஸ் என்ற மடிநோய்க் கிருமி ஈர வைக்கோலில் செழித்து வளரும். தினமும் மாற்றலாம்தான், ஆனால் தீவனத்துக்கே வைக்கோல் வாங்குகிற ஊரில் யாருக்குக் கட்டும்?

உங்களுக்கு நான் சொல்வது ரப்பர் மேட். கழுவுவது எளிது. ஆனால் மேட் ஈரத்தை உறிஞ்சாது. மேலே உலர்ந்த மரத்தூளோ நறுக்கிய வைக்கோலோ தூவி, நனைந்ததை தினமும் அள்ளுங்கள். அடியில் மூத்திரம் தேங்கும் என்பதால் அவ்வப்போது தூக்கிக் கழுவிக் காயவிட வேண்டும். தரை வாட்டமாக இருப்பதும் அவசியம்.

பசு படுக்கும் இடத்தில் நீங்களே மண்டியிட்டுப் பாருங்கள். முழங்கால் வலித்தால் மெத்தை போதவில்லை, வேட்டி நனைந்தால் ஈரம் அதிகம். அப்புறம், கறந்த உடனே காம்புத் துளை மூடாது. தீவனம் போட்டு அரை மணி நேரமாவது நிற்க வையுங்கள்.