லா, மா, லம், லன், லைஸ: அரபியில் எந்த "இல்லை"யை எங்கே போடுவது? – கேள்வி பதில்

புதிதாகக் கற்பவர்: கதப என்றால் எழுதினான். லம் என்றால் இறந்தகால மறுப்பு. அப்படியானால் "அவன் எழுதவில்லை" என்பதற்கு "லம் கதப" சரிதானே? ஆசிரியர் அடித்துவிட்டார், காரணம் சொல்லவில்லை.

பதில்: லம்முக்குப் பின்னால் இறந்தகால வினை வராது. இறந்தகாலம் லம்முக்குள்ளேயே இருக்கிறது. வினை அதைத் திரும்பச் சொல்ல வேண்டியதில்லை. எழுதுகிறான், எழுதுவான் என இரண்டுக்கும் பயன்படும் யக்துபு என்ற வடிவத்தை எடுத்து, கடைசி உயிரை வெட்டி, "லம் யக்துப்" என்று சொல்ல வேண்டும்.

கதபவை அப்படியே வைத்துக்கொள்ள விரும்பினால் அதற்கு உரியது மா: "மா கதப". இதுவும் "எழுதவில்லை"தான். இந்த இரண்டு வழிகளும் உங்களிடம் கலந்துவிட்டன.

அரபி எழுத்தில் குறிகள் இல்லாமல் எழுதும்போது மறைந்துபோகும் ஒன்று தமிழ் எழுத்தில் பளிச்சென்று தெரியும். லாவுக்குப் பின் யக்துபு, லன்னுக்குப் பின் யக்துப, லம்முக்குப் பின் யக்துப். பு, ப, ப் என்ற இந்த முடிவுதான் மறுப்புச் சொல் வினையின் மேல் விட்டுச்செல்லும் தடம். லா யக்துபு: எழுதுவதில்லை. லன் யக்துப: இனி எழுத மாட்டான். லம் யக்துப்: எழுதவில்லை.

மனப்பாடமாகத் தெரிந்த இக்லாஸ் சூராவையே பாருங்கள். "லம் யலித் வலம் யூலத்". யலிது, யூலது என்ற இரண்டும் கடைசி உயிரை இழந்து நிற்கின்றன. அடுத்து வரும் "வலம் யகுன்" இன்னும் ஒரு படி மேலே. மூலம் யகூனு. கடைசி உயிர் போனதும் நெடிலுக்குப் பின் ன் தனியாக நிற்க முடியாமல் கூ குறுகி கு ஆகிவிட்டது. யகூலு "லம் யகுல்" ஆவதும், யனாமு "லம் யனம்" ஆவதும் இதே காரணத்தால்தான். "லம் யகூல்" என்று எழுதுவதுதான் தொடக்கத்தில் அதிகம் நடக்கும் பிழை.

வேலூர் வாசகர்: நான் தமிழை வைத்தே பிடித்துக்கொண்டேன். "மாட்டான்" வந்தால் லன், "வில்லை" வந்தால் லம். "அவர் காபி குடிக்க மாட்டார்" என்பதற்கு "லன் யஷ்ரபல் கஹ்வத" என்று எழுதினேன். எதிர்காலம் தெளிவாக இருக்கட்டும் என்று இன்னொரு இடத்தில் "ஸலன் யஷ்ரப" என்றும் போட்டேன். இரண்டும் தவறு என்கிறார்கள்.

பதில்: வழி பாதி சரி. சிக்கல் என்னவென்றால், தமிழ் "மாட்டார்" இரண்டு வேலை செய்கிறது. "அவர் காபி குடிக்க மாட்டார்" என்றால் பெரும்பாலும் பழக்கத்தைச் சொல்கிறோம்: அவருக்குக் காபி ஆகாது. அரபியில் அது "லா யஷ்ரபுல் கஹ்வத". "நாளைக்குக் குடிக்க மாட்டார்" என்றால்தான் லன்: "லன் யஷ்ரபல் கஹ்வத கதன்". வாக்கியத்துக்குள் "நாளைக்கு" என்பதையோ "இனிமேல்" என்பதையோ செருகிப் பாருங்கள். பொருள் மாறாமல் பொருந்தினால் லன். "எப்போதுமே" என்பதுதான் பொருந்துகிறது என்றால் லா.

"வில்லை"யும் அப்படித்தான். "குழந்தை தூங்கவில்லை" என்று நேற்றைய இரவைப் பற்றிச் சொன்னால் "லம் யனம்". இப்போது தொட்டிலைப் பார்த்துக்கொண்டே சொன்னால் "லா யனாமு" அல்லது "மா யனாமு". எந்த நேரத்தைப் பற்றிப் பேசுகிறோம் என்று முடிவு செய்யாமல் அரபிச் சொல்லைத் தேடக் கூடாது.

ஸலன் என்று ஒன்று கிடையாது. ஸயஷ்ரபு, "குடிப்பார்", என்பதன் மறுப்பே "லன் யஷ்ரப"; லன் வந்தவுடன் அந்த ஸ போய்விடும்.

தம்மாமில் வேலை செய்பவர்: அண்ணே, இங்கே எவனும் லம், லன் சொல்லி நான் கேட்டதில்லை. எல்லாத்துக்கும் மா தான். மா அத்ரீ, மா அரூஹ். நீங்கள் சொல்வதைப் பேசினால் சிரிப்பார்கள். இதை எதுக்குப் படிக்கணும்?

பதில்: நீங்கள் கேட்பது வளைகுடாப் பேச்சு, அதற்குத் தனி இலக்கணம் உண்டு. நடந்ததற்கும் நடப்பதற்கும் மா. "போகாதே" என்பதற்கு மட்டும் அங்கேயும் லா: "லா தரூஹ்". லைஸவின் இடத்தில் மூ, சில ஊர்களில் முப். பேசுவதற்கு அதையே வைத்துக்கொள்ளுங்கள், மாற்ற வேண்டாம்.

வேறுபாடு வருவது வாசிக்கும்போது. நிறுவனக் கடிதம், ஒப்பந்தம், செய்தி, கைபேசித் திரை எல்லாம் எழுத்து அரபியில் இருக்கும். தேடியது கிடைக்காதபோது திரையில் வரும் வரி "லம் யதிம்மல் உஸூரு அலா நதாஇஜ்". முடிவுகள் எதுவும் கிடைக்கவில்லை என்று பொருள். லம் இருப்பதால் நடந்து முடிந்த தேடலைச் சொல்கிறது. ஒப்பந்தத்தில் "லன்" பார்த்தால் இனிமேல் நடக்காத ஒன்று, "லம்" பார்த்தால் இதுவரை நடக்காத ஒன்று. சம்பளம் பற்றிய வரியில் இந்த ஓர் எழுத்து வேறுபாடு சின்ன விஷயமில்லை.

புதிதாகக் கற்பவர்: குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். லம்முக்குப் பின் "யதிம்ம" என்று அ ஒலியில் முடிகிறதே? அது லன்னுக்கு உரியது அல்லவா?

பதில்: சரியாகக் கவனித்தீர்கள். யதிம்மு என்பதில் கடைசி எழுத்து இரட்டித்திருக்கிறது. உயிரை வெட்டினால் இரண்டு ம் உயிரில்லாமல் மோதும். அதைத் தவிர்க்க ஓர் அ வந்து உட்காருகிறது. இரட்டித்து முடியும் வினைகளில் லம்முக்கும் லன்னுக்கும் வடிவம் ஒன்றாகிவிடும், மறுப்புச் சொல்லை வைத்துத்தான் காலம் தெரியும்.

"அவர்கள்", "நீங்கள்" வடிவங்களிலும் இதே கதை. பகரா சூராவின் 24ஆம் வசனத்தில் "ஃபஇன் லம் தஃப்அலூ வலன் தஃப்அலூ" என்று இரண்டும் அடுத்தடுத்து வருகின்றன. தஃப்அலூன என்பதன் கடைசி ன இரண்டு இடத்திலும் விழுந்து, வினை அச்சு மாறாமல் ஒன்றாக இருக்கிறது. முதலாவது "நீங்கள் செய்யாவிட்டால்", இரண்டாவது "செய்யவும் மாட்டீர்கள்". பொருளைப் பிரிப்பது லம், லன் மட்டுமே.

ஓர் இல்லத்தரசி: பிள்ளையிடம் "சுவரில் எழுதாதே" என்று சொல்ல "லா தக்துபு" என்றேன். சரியா?

பதில்: அது "நீ எழுதுவதில்லை" என்றாகிவிடும். தடுக்கும்போது உயிரை வெட்டுங்கள்: "லா தக்துப் அலல் ஜிதார்". மகளிடம் என்றால் "லா தக்துபீ".

கல்லூரி மாணவர்: லைஸவை எல்லா இடத்திலும் போடலாம் என்று நினைக்கிறேன், அதற்குக் காலமே இல்லையே. "அனா லஸ்து தாலிபுன்", "லைஸ ஃபில் பைதி ரஜுலன்" இரண்டையும் சரிபார்த்துச் சொல்லுங்கள்.

பதில்: லைஸ பெயர் வாக்கியத்துக்கு உரியது, நம் "அல்ல", "இல்லை" இரண்டின் இடத்தையும் அது பிடிக்கும். பார்வைக்கு இறந்தகால வினை போல லஸ்து, லஸ்த, லைஸத் என்று ஆளுக்கேற்ப மாறினாலும் அது பேசுவது நிகழ்காலத்தை. "நான் அப்போது மாணவன் அல்ல" என்றால் லைஸ உதவாது. "லம் அகுன் தாலிபன்". "இனி மாணவனாக இருக்க மாட்டேன்" என்றால் "லன் அகூன தாலிபன்". ஆக, காலமே இல்லை என்பது சரியல்ல.

உங்கள் இரண்டு வாக்கியமும் தவறு, ஆனால் எதிரெதிர்த் திசையில். முதலாவதில் தாலிப் என்பது நீங்கள் யார் அல்ல என்று சொல்லும் பகுதி. லைஸ அதை அன் முடிவுக்குத் தள்ளும்: "லஸ்து தாலிபன்". பி சேர்த்து "லஸ்து பிதாலிபின்" என்றும் சொல்லலாம், மறுப்பு கொஞ்சம் அழுத்தமாகும். இரண்டாவதில் ரஜுல்தான் எழுவாய், இடம் மாறிக் கடைசியில் நிற்கிறது. கடைசியில் நிற்பதெல்லாம் அன் ஆகும் என்று எண்ணி ஏமாந்துவிட்டீர்கள். "லைஸ ஃபில் பைதி ரஜுலுன்" என்பதே சரி. எவருமே இல்லை என்று முழுதாக மறுக்க "லா ரஜுல ஃபில் பைத்". கலிமாவில் "லா இலாஹ" என்று வருவது இந்த லாதான்.

மதரஸா மாணவர்: உஸ்தாத், "லா அஃபுது மா தஃபுதூன்" என்பதில் லாவும் மாவும் இரட்டை மறுப்பா? இன்னொன்று, லன் என்றால் நிரந்தர மறுப்பு என்று படித்தேன். அது உறுதியா?

பதில்: காஃபிரூன் சூராவின் அந்த மா மறுப்பே அல்ல. "நீங்கள் வணங்குவதை" என்பதில் உள்ள "எதையோ அதை" என்ற சொல் அது. அஃபுது என்ற வினை "எதை?" என்று கேட்கிறது, மா அதற்கு விடையாக நிற்கிறது. ளுஹா சூராவின் "மா வத்தஅக ரப்புக", உம் இறைவன் உம்மைக் கைவிடவில்லை, என்பதில் அப்படிக் கேட்கும் வினை முன்னால் இல்லை; வாக்கியமே மாவில் தொடங்குகிறது, ஆகவே மறுப்பு. பல இடங்களில் இந்தச் சோதனை போதும்.

லன் நிரந்தரத்தைக் காட்டும் என்ற கருத்து குர்ஆன் விரிவுரையாளர் ஸமக்ஷரீயின் பெயரால் சொல்லப்படுவது. மூஸா நபியிடம் சொல்லப்பட்ட "லன் தரானீ", நீ என்னைப் பார்க்க மாட்டாய், என்பதை ஒட்டிப் பெரிய விவாதம் நடந்ததால் இதற்கு இவ்வளவு கனம். மறுப்பவர்கள் மர்யம் சூராவின் 26ஆம் வசனத்தைக் காட்டுவார்கள்: "ஃபலன் உகல்லிமல் யவ்ம". "இன்று பேச மாட்டேன்" என்று அங்கே லன் ஒரு நாளுக்குள் அடங்கிவிடுகிறது. பகரா 95இல் லன்னோடு "என்றென்றும்" எனப் பொருள்படும் அபதன் என்ற சொல் தனியாகச் சேர்க்கப்பட்டிருக்கிறது. லன்னே நிரந்தரம் என்றால் அது எதற்கு என்று கேட்பார்கள். எனக்கு இந்தப் பக்கம்தான் வலுவாகப் படுகிறது.

மதரஸா மாணவர்: அழுத்தத்துக்காக அபதன் வந்திருக்கலாமே? சரி, அப்படியானால் மா கதபவுக்கும் லம் யக்துபுக்கும் வேறுபாடே கிடையாதா?

பதில்: அபதன் பற்றி எதிர்த்தரப்பும் அதையேதான் சொல்கிறது. மர்யம் வசனத்துக்கு விடை சொல்வதுதான் அவர்களுக்குக் கடினம்.

மாவுக்கும் லம்முக்கும் பழைய அரபி இலக்கண அறிஞர் ஸீபவைஹி ஒரு கணக்கு வைத்தார். ஒருவர் "ஃபஅல", செய்தான், என்றால் அதன் மறுப்பு "லம் யஃப்அல்". "கத் ஃபஅல", செய்துவிட்டான், என்றால் "லம்மா யஃப்அல்", இன்னும் செய்யவில்லை. "லகத் ஃபஅல" என்று சத்தியம் செய்வதுபோல அடித்துச் சொன்னால் அதற்கு எதிரடி "மா ஃபஅல". இந்தக் கணக்குப்படி மா, எதிரில் இருப்பவரின் கூற்றை மறுத்து நிற்கும் சொல். "மா கதப்து" என்றால் "நான் எழுதினேன் என்கிறீர்களே, எழுதவே இல்லை" என்ற தொனி. லம் வெறும் தகவல். இன்றைய செய்தி நடையில் இறந்தகால மறுப்புக்கு லம்தான் வழக்கம், மா வருமிடங்கள் குறைவு. இன்றைய எழுத்தாளர்கள் அந்தத் தொனியை நினைத்துத்தான் மாவை எடுக்கிறார்களா என்பதில் ஆசிரியர்களிடையே ஒத்த கருத்து இல்லை. நீங்கள் கட்டுரை எழுதும்போது லம் போடுங்கள். ஒருவர் சொன்னதை மறுக்கும் இடத்தில் மாவை எடுங்கள்.