குறுகலான கடையில் மெசனைன் போடலாமா?

கேள்வி: ஜவுளிக் கடை. அகலம் 9 அடி, நீளம் 30, உயரம் 14. சரக்கு வைக்க இடமில்லை. மெசனைன் போட்டால் ஸ்டாக்குக்கும் டிஸ்ப்ளேவுக்கும் ஆகுமா?

ஆகும், ஆனால் இந்த இடைத்தளத்தைக் கடை முழுக்கப் போடாதீர்கள். எங்கள் கடையும் ஏறக்குறைய இதே அளவுதான். பின்பக்கம் 14 அடிக்கு மட்டும் போட்டிருக்கிறோம். முன்பக்கம் முழு உயரத்தில் திறந்திருப்பதால், உள்ளே வருகிறவர்களுக்குக் கடை குறுகலாகத் தெரிவதில்லை.

முதலில் உயரக் கணக்கு. கீழே 7 அடி 6 அங்குலம் விட்டோம். பீமும் தளமும் சேர்ந்து 8 அங்குலம். மேலே மிஞ்சியது 5 அடி 10 அங்குலம். சரக்கு எடுக்க ஆள் போய்வர அது போதும், வாடிக்கையாளரை ஏற்ற அது போதாது. அதனால் மேலே ஸ்டாக் மட்டும்தான். கூரை 13 அடிக்குக் கீழே இருந்தால் நான் பரணோடு நிறுத்திக்கொள்வேன்.

அடுத்தது எடை. இதில்தான் நாங்கள் தவறினோம். முதலில் வந்த வெல்டர், பக்கத்துக் கடையோடு பொதுவான செங்கல் சுவரைக் குடைந்து பீம் முனைகளைச் செருகினார். சில மாதத்தில் அந்தக் குழிகளைச் சுற்றிப் பூச்சில் விரிசல் விட்டது. அதைப் பார்த்த எஞ்சினியர் எல்லாவற்றையும் கழற்றச் சொல்லிவிட்டு, சுவரை ஒட்டி இரண்டு பக்கமும் மூன்று மூன்றாக ஆறு இரும்புத் தூண்கள் நிறுத்தினார். சுவருக்கு இப்போது பாரமே இல்லை. தூண்களும் ராக்குகளுக்கு இடையில் மறைந்துவிட்டன. ஒவ்வொரு தூணுக்கும் ஒரு டன்னுக்குக் கிட்ட எடை வரும் என்று கணக்குப் போட்டு, டைல்ஸை உடைத்து, மண்ணைத் தோண்டி, 2 அடிக்கு 2 அடி கான்கிரீட் போட்டார். வெறும் டைல்ஸ் மேல் நிறுத்தினால் தூண் அமுங்கும். உங்கள் கடைக்குக் கீழே பேஸ்மென்ட் இருந்தால் இந்த வழி நடக்காது.

சேலையின் எடையைக் குறைத்து எண்ணாதீர்கள். ஒன்று அரை கிலோ என்றாலும் 500 சேலை 250 கிலோ. 3 அடி நீளம், ஒன்றரை அடி ஆழமுள்ள ராக்கில் அதை அடுக்கினால் சதுர அடிக்கு 55 கிலோ ஆகிறது. கடைத் தளத்துக்கு வழக்கமாக எடுக்கும் கணக்கு 37 கிலோதான். ஆகவே ராக்குகளைச் சுவரோரம், தூணுக்குப் பக்கத்தில் வையுங்கள், நடுவில் நடைபாதை விடுங்கள். பாரம் நடுவில் விழுந்தால்தான் பீம் அதிகம் வளையும். பீமின் இரு முனைக்கும் நூல் கட்டி மாதம் ஒருமுறை பாருங்கள். நடுவில் தொய்வு கூடிக்கொண்டே போனால் உடனே சரக்கை இறக்குங்கள்.

டிஸ்ப்ளே என்றால் மெசனைனின் முன் விளிம்பைச் சொல்வேன். அங்கே நான்கு பொம்மைகளுக்குப் பட்டுச் சேலை கட்டி, தெருவைப் பார்த்து நிறுத்தி விளக்குப் போட்டிருக்கிறோம். எதிர்ப்பக்கம் நடப்பவர்களுக்கும் தெரிகிறது, "மேலே இருக்கிற அந்த மாம்பழக் கலர்" என்று கேட்டு வருகிறார்கள். கைப்பிடியின் அடியில் 4 அங்குலத் தகடு கட்டாயம் வையுங்கள், இல்லையென்றால் பெட்டி உருண்டு கீழே நிற்பவர் தலையில் விழும். மெசனைனுக்கு அடிப்பக்கம் இருட்டும், அதனால் வெள்ளை பெயின்ட் அடித்து எல்இடி போட்டோம். சேலையின் நிறம் விளக்கில்தானே தெரியும்.

படிக்கட்டு இரண்டரை அடி அகலம், 8 அடி நீளம் தின்றுவிடும். அதன் அடியில் இழுப்பறை போட்டுக் கொஞ்சம் மீட்கலாம். வாடகைக் கடையாக இருந்தால் உரிமையாளரிடம் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள், போல்ட் போட்டே இணைக்கச் சொல்லுங்கள். காலி செய்யும்போது கழற்றி எடுத்துப் போகலாம்.