மணிக்கட்டுக் கேமராவுக்குத் துல்லியமான அளவுத்திருத்தம் தேவையா?

கேள்வி: ரோபோ கையின் மணிக்கட்டில் கேமரா பொருத்தி, பொருள் படத்தில் நாம் குறித்த பிக்சலுக்கு வரும்வரை கையை நகர்த்துகிறேன். இந்த முறைக்குத் துல்லியமான அளவுத்திருத்தம் தேவையில்லை என்று படித்தேன். ஆனால் என் கை நேராகப் போகாமல் வளைந்து போகிறது, பொருளுக்கு அருகில் போனால் நடுங்குகிறது, சில சமயம் பிக்சல் சரியாக வந்த பிறகும் கிரிப்பர் தவறுகிறது. ஏன்?

பதில்:

நீங்கள் படித்தது பாதி உண்மை. படத்தில் தெரியும் பிழையை இம்முறை தானே திருத்திக்கொள்ளும்; படத்தில் தெரியாத பிழையை அது ஒருபோதும் திருத்தாது. நீங்கள் சொல்லும் மூன்று கோளாறுகளில் முதல் இரண்டு முன்னதைச் சேர்ந்தவை, மூன்றாவது பின்னதைச் சேர்ந்தது. திருவொற்றியூரில் உள்ள ஒரு சிறிய பட்டறையில், கடைசல் முடிந்து தட்டில் வரும் இரும்பு மூடிகளை எடுத்து அடுக்கும் கையை நான் பராமரிக்கிறேன். அங்கு பயன்படும் எண்களையே எடுத்துக்கொண்டு விளக்குகிறேன்.

கேமரா தட்டை நேர்செங்குத்தாகப் பார்க்கிறது, கை பக்கவாட்டில் இரண்டு திசைகளில் மட்டும் நகர்கிறது என்று கொள்வோம். படம் 640×480 பிக்சல், லென்ஸின் குவியத் தொலைவு பிக்சல் கணக்கில் 600, மூடி கேமராவிலிருந்து 40 செ.மீ. தொலைவில் இருக்கிறது. மூடியின் மையம் இப்போது (560, 150) என்ற பிக்சலில் தெரிகிறது. அது (410, 240) என்ற இடத்துக்கு வர வேண்டும். ஒவ்வொரு படம் வந்ததும் கைக்கு அனுப்பும் வேகம் இதுதான்:

```
ex = (u - u_star) / f
ey = (v - v_star) / f
vx = lam * Z_hat * ex
vy = lam * Z_hat * ey
```

பிழை 150 பிக்சலும் −90 பிக்சலும் ஆகும். 600 ஆல் வகுத்தால் 0.25, −0.15. பிழைக்கு எவ்வளவு வேகம் என்பதைத் தீர்மானிக்கும் பெருக்கெண்ணான `lam` 2.5 ஆகவும், நாம் நம்பும் தொலைவான `Z_hat` 0.4 மீட்டராகவும் இருந்தால், கை வலப்புறம் நொடிக்கு 25 செ.மீ. வேகத்திலும், படத்தின் மேற்புறம் நோக்கி 15 செ.மீ. வேகத்திலும் கிளம்பும். பிழை குறையக் குறைய வேகமும் அதே விகிதத்தில் குறையும். மூடி மேசையில் எங்கே இருக்கிறது என்ற கணக்கு இதில் எங்கும் இல்லை என்பதைக் கவனியுங்கள். அளவுத்திருத்தம் வேண்டாம் என்ற பேச்சு பிறப்பது அதனால்தான்.

இனி வளைவு. கேமராவின் கிடைமட்ட அச்சும், கை தன் கிடைமட்டம் என்று நம்பும் அச்சும் ஒன்றுக்கொன்று ஒரு கோணத்தில் திரும்பியிருந்தால், ஒவ்வொரு கட்டளையும் அதே கோணம் விலகிய திசையில்தான் செயல்படும். அதனால் பொருள் இலக்குப் பிக்சலை நோக்கி நேர்கோட்டில் வராமல் சுருள் பாதையில் வரும். விலகல் 90 பாகைக்குக் குறைவாக இருக்கும்வரை சுருள் உள்நோக்கிச் சுருங்கும். 90 பாகையில் பொருள் இலக்கைச் சுற்றி வட்டமிட்டுக்கொண்டே இருக்கும். அதற்கு மேல் விலகிப் போய்விடும். எனவே 30 பாகை கோணலாகப் பொருத்திய கேமராகூட வேலையை முடித்துவிடும். இந்தச் சகிப்புத்தன்மை உண்மையிலேயே அருமையானது, ஆனால் கோளாறை அது மறைத்தும் விடுகிறது.

அந்தக் கோணத்தை அளக்கத் தனிக் கருவி எதுவும் வேண்டியதில்லை. பொருளின் பிக்சல் நிலையை ஒவ்வொரு படத்திலும் கோப்பில் எழுதி, பாதையை வரைந்து பாருங்கள். தொடக்கப் புள்ளியிலிருந்து இலக்குக்கு ஒரு நேர்கோடு போடுங்கள். பாதை கிளம்பும் திசைக்கும் அந்தக் கோட்டுக்கும் இடைப்பட்ட கோணமே கேமரா திரும்பியிருக்கும் கோணம். கட்டளை வேகத்தை அதே அளவு எதிர்த்திசையில் சுழற்றி அனுப்பினால் பாதை நேராகிவிடும். கேமராவைத் தாங்கும் பட்டையின் திருகு தளர்ந்தால் முதலில் மாறுவது இந்தக் கோணம்தான் என்பதால், எங்கள் பட்டறையில் வாரத் தொடக்கத்தில் ஒருமுறை இந்தப் பாதையை வரைந்து பார்த்துவிடுகிறோம்.

அடுத்தது நடுக்கம். எங்கள் கை முதலில் 40 செ.மீ. உயரத்தில் மூடியை இலக்குக்குக் கொண்டுவரும், பிறகு நேராக 20 செ.மீ.க்கு இறங்கி, அந்த உயரத்துக்குரிய இலக்குப் பிக்சலில் மறுபடியும் சரிசெய்யும். நிரலை எழுதிக் கொடுத்தவர்கள் இரண்டு உயரத்துக்கும் `Z_hat` ஐ 0.4 என்றே விட்டிருந்தார்கள். இயந்திரத்தில் நிற்கும் தம்பி ஒருநாள், "இன்னாண்ணா, மேல நல்லாத்தான் போவுது, கிட்ட போனா ஒதறுது" என்றான். அந்த ஒரு வாக்கியமே நோயின் பெயரைச் சொல்லிவிட்டது.

படத்தைப் பார்த்துக் கையைத் திருத்திக்கொண்டே இருக்கும் இந்தக் கட்டுப்பாட்டு வளையத்தின் உண்மையான வலிமை `lam` அல்ல; `lam` ஐ `Z_hat` ஆல் பெருக்கி, உண்மைத் தொலைவால் வகுத்து வருவதே அது. 40 செ.மீ. உயரத்தில் அது 2.5; 20 செ.மீ. உயரத்தில் 5, 10 செ.மீ. வரை இறங்கினால் 10. தொலைவைத் தவறாக நம்புவதால் பொருள் தவறான இடத்தில் போய் நிற்காது. கை அளவுக்கு மீறி அவசரப்படும், அல்லது மந்தமாகும், அவ்வளவுதான். அவசரம் ஆபத்தாவது தாமதத்தால். படம் எடுப்பது, அதில் மையத்தைக் கண்டுபிடிப்பது, கட்டளை போய்ச் சேர்வது, கை அசைவது எல்லாம் சேர்ந்து எங்கள் அமைப்பில் சுமார் 0.2 நொடி ஆகிறது. வலிமையைத் தாமதத்தால் பெருக்கி வரும் எண் ஏறத்தாழ 0.37 ஐத் தாண்டும்போது கை இலக்கைச் சற்றே தாண்டித் திரும்பத் தொடங்கும், 1.57 ஐத் தாண்டினால் ஒவ்வோர் ஆட்டமும் முந்தையதைவிடப் பெரிதாகும். 0.2 நொடித் தாமதத்துக்கு இந்த எல்லைகள் 1.84, 7.85 என்று வருகின்றன. ஆகவே 2.5 வலிமையில் கை மிகச் சிறிதளவே தாண்டும். 5 ஆனால் இருபுறமும் ஆடும், ஒவ்வொரு வீச்சும் முந்தையதில் பாதியாகத்தான் குறையும். 10 ஆனால் அடங்கவே அடங்காது. மேலே நன்றாகவும் கீழே நடுக்கமாகவும் இருந்ததற்கு முழுக் காரணம் இதுதான்.

உங்கள் தாமதத்தை அளக்க, கைக்குச் சிறிய வேகக் கட்டளை ஒன்றை அனுப்பி, கட்டளை போன நேரத்துக்கும் படத்தில் பொருள் முதலில் அசையும் நேரத்துக்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள். பிறகு இறங்கும் உயரத்துக்கு ஏற்ப `Z_hat` ஐயும் மாற்றினால் நடுக்கம் நின்றுவிடும். `lam` ஐ மட்டும் குறைத்தாலும் நிற்கும், ஆனால் மேலே இருக்கும்போது கை வீணாக மெதுவாகிவிடும் என்பதால் அந்த வழியை நான் விரும்புவதில்லை.

இங்கே ஒன்றைத் தவறவிட்டுவிடாதீர்கள்: கோணப் பிழையும் தாமதமும் ஒரே சேமிப்பிலிருந்துதான் செலவாகின்றன. கேமரா 30 பாகை திரும்பியிருந்தால், 7.85 என்ற எல்லை சுமார் 5.2 ஆகச் சுருங்கிவிடும். உங்கள் கையில் வளைவும் நடுக்கமும் ஒருசேர இருப்பதால், முதலில் கோணத்தைத் திருத்திவிட்டு நடுக்கத்தைப் பாருங்கள். பெருமளவு தானாகவே அடங்கியிருக்கக்கூடும்.

மூன்றாவது கோளாறுதான் கடினமானது, ஏனென்றால் வளையத்துக்கு அது தெரியவே தெரியாது. பிழை சுழியம், கை அசையாமல் நிற்கிறது, திரையில் எல்லாம் சரி. ஆனாலும் கிரிப்பர் விளிம்பில் இடிக்கிறது. தவறு இலக்குப் பிக்சலிலேயே இருக்கிறது. எங்கள் கேமரா கிரிப்பரின் அச்சிலிருந்து 6 செ.மீ. தள்ளி இருக்கிறது. கிரிப்பருக்கு நேர்கீழே உள்ள பொருள், 40 செ.மீ. தொலைவில் படத்தின் மையத்திலிருந்து 600 × 6 ÷ 40, அதாவது 90 பிக்சல் தள்ளித் தெரியும். இலக்கு 320 இல் இல்லாமல் 410 இல் இருப்பது அதனால்தான். 20 செ.மீ. தொலைவில் அதே இடைவெளி 180 பிக்சல் ஆகிவிடும். ஒவ்வோர் உயரத்துக்கும் இலக்கு வேறு.

இப்போது வழக்கத்தைவிட 3 செ.மீ. உயரமான மூடி ஒன்று தட்டில் வந்தால், உண்மைத் தொலைவு 37 செ.மீ. ஆகிறது, 97 பிக்சல் தள்ளி நிறுத்த வேண்டியதை நாம் 90 இல் நிறுத்துகிறோம். கிரிப்பர் 4.5 மி.மீ. தவறும். நெருங்கிப் போய்ச் சரிசெய்தால் துல்லியம் கூடும் என்று எண்ணத் தோன்றும், ஒரு பிக்சலுக்குரிய நீளம் பாதியாகக் குறைவதும் மெய்தான். ஆனால் உயர வேறுபாட்டால் வரும் தவறு, கேமராவின் இடைவெளியை உயர வேறுபாட்டால் பெருக்கி, இலக்குப் பிக்சலைக் கணக்கிட்ட தொலைவால் வகுத்த அளவுக்கு இருக்கும்; 20 செ.மீ. தொலைவில் அது 9 மி.மீ. ஆக இரட்டிக்கிறது. ஒரே உயரமுள்ள பொருள்களுக்கு நெருங்குவது நல்லது. உயரம் மாறும் பொருள்களுக்கு அது கெடுதலாக முடியும்.

இதற்கு நாங்கள் செய்வது, கை போகும் வழியிலேயே தொலைவை அளப்பது. கை பக்கவாட்டில் 5 செ.மீ. நகர்ந்தால், 40 செ.மீ. தொலைவிலுள்ள பொருள் படத்தில் 75 பிக்சல் நகரும், 37 செ.மீ. என்றால் 81 பிக்சல். கையின் நகர்வைக் கட்டுப்பாட்டுப் பெட்டி சொல்கிறது, பிக்சல் நகர்வைப் படம் சொல்கிறது. குவியத் தொலைவை முன்னதால் பெருக்கிப் பின்னதால் வகுத்தால் தொலைவு கிடைத்துவிடும். அந்தத் தொலைவைக் கொண்டு இலக்குப் பிக்சலையும் `Z_hat` ஐயும் ஒருசேரப் புதுப்பிக்கலாம். இரண்டு வாசிப்புகளும் ஒரே கணத்துக்குரியவையாக இருக்க வேண்டும் என்பதால், கை ஓடும்போது எடுக்காமல், கிளம்புமுன் ஒன்றும் நின்றபின் ஒன்றும் எடுங்கள்.

உயரம் சரியாக இருந்தும் கிரிப்பர் தவறினால் வெளிச்சத்தைச் சந்தேகியுங்கள். எங்கள் பட்டறையின் வாசல் கடலைப் பார்த்தது. காலை வெயில் தாழ்வாக உள்ளே விழும்போது, எண்ணெய் பூசிய மூடியின் ஒரு பக்கம் பளபளத்து, நிரல் காணும் மையம் அந்தப் பக்கமாக நகர்ந்துவிடும். வளையம் அந்தப் பொய்யான மையத்தை மிகத் துல்லியமாக இலக்கில் கொண்டுவந்து நிறுத்தும். கையை அசைக்காமல் வைத்து, விளக்கை மட்டும் மாற்றி, மையத்தின் பிக்சல் எண் மாறுகிறதா என்று பார்த்தால் இது தெரிந்துவிடும். கேமராவைச் சுற்றி ஒரு வளைய விளக்கும், வாசல் பக்கம் ஒரு தடுப்பும் எங்களுக்குப் போதுமானவையாக இருந்தன.