ஐப்பசியில் கூழ் வண்டி

அன்புள்ள அக்காவுக்கு,

வியாசர்பாடியில் என் கணவர் தள்ளுவண்டியில் கம்பங்கூழும் மோரும் விற்கிறார். நானும் கூடமாட நிற்பேன். ஐப்பசி பிறந்தால் கூழ் குடிக்க ஆள் வராது. போன வருடம் தண்டல் வாங்கித்தான் மழை மாதங்களை ஓட்டினோம், அதை அடைக்கப் பங்குனி ஆகிவிட்டது. இந்த முறை என்ன செய்யலாம்?

ஒரு வாசகி

அன்புத் தங்கைக்கு,

நவம்பர் என்றாலே மாதம் முழுக்க மழை என்று நினைத்து வண்டியை ஓரங்கட்டிவிடுகிறோம். ஆனால் 2.5 மில்லிமீட்டர் பெய்தாலே மழை நாள் என்று எண்ணுகிற வானிலைத் துறைக் கணக்கிலும், சென்னையில் அந்த மாதத்தின் மழை நாட்கள் சராசரியாக சுமார் 12 தான். மற்ற நாட்களில் வண்டி நிற்கலாம். எந்த நாள் எது என்று முன்கூட்டியே தெரியாததுதான் சிக்கல். அதனால் காலையில் செய்து வைத்து, மாலையில் விற்காவிட்டால் வீணாகிற பண்டம் இந்த மாதங்களுக்கு ஆகாது. கூழும் அப்படித்தான், பழமும் பூவும் அப்படித்தான். மூலப்பொருள் வீட்டில் காய்ந்து கிடக்க வேண்டும். வானத்தைப் பார்த்த பிறகு அடுப்பில் ஏற்ற வேண்டும்.

எங்கள் தெரு முனையில் கூழ் விற்கும் அக்கா ஒருவர் மழைக்காலத்தில் அவித்த வேர்க்கடலைக்கும் சுக்கு காபிக்கும் மாறிவிடுவார். காய்ந்த தோல் கடலை மூன்று கிலோவை முந்தின இரவே ஊறப்போடுவார். பகல் இரண்டு மணிக்கு வெளியே வந்து பார்ப்பார். மழை வலுத்திருந்தால் ஊறிய கடலையை வடித்துத் தட்டில் பரப்பி, தோழிகளுக்கு விலை குறைத்துக் கொடுத்துவிடுவார். அதிகபட்ச நட்டம் அந்த மூன்று கிலோதான். வானம் வெளுத்திருந்தால் ஒரு கை கல்லுப்பு போட்டு ஒன்றரை மணி நேரம் வேகவைப்பார். பருப்பை விரலால் நசுக்கினால் மாவாக வேண்டும், அதுதான் பதம். வெந்ததும் வடிக்காமல் அரை மணி நேரம் அந்த உப்பு நீரிலேயே விடுவார். இல்லாவிட்டால் தோலில்தான் உப்பிருக்கும், பருப்பு சப்பென்று இருக்கும்.

கணக்கு பார். கடலை கிலோ 100 ரூபாய் என்று வைத்தால் மூன்று கிலோ 300. உப்பு, கேஸ், காகிதம் 60. ஊறி வெந்ததும் எடை கூடிவிடுவதால் 20 ரூபாய்ப் பொட்டலம் முப்பதாவது தேறும், 600 ரூபாய். கையில் 240 நிற்கும். சுக்கு காபியில் வருவது தனி. கூழ்க்கால வருமானத்துக்கு இது ஈடில்லைதான். ஆனால் அன்றைய சோற்றுக்காகக் கடன் வாங்க வேண்டியிருக்காது. நிற்கிற இடமும் முக்கியம். கூழுக்கு மர நிழல் வேண்டும், கடலைக்குக் கூரை வேண்டும். பஸ் நிறுத்தம், மூடிய கடையின் தாழ்வாரம் போல ஜனம் மழைக்கு ஒதுங்கும் இடமாகப் பார். கடைக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்.

ஒன்றில் மட்டும் கவனமாக இரு. மழைக்கால ஈரத்தில் கடலைக்குப் பூஞ்சை பிடிக்கும். சாக்கைத் தரையில் வைக்காதே, மூடி போட்ட தகர டின்னில் பலகை மேல் வை. பச்சையாகவோ கறுப்பாகவோ படிந்திருந்தாலும், வாயில் போட்டால் கசந்தாலும் எறிந்துவிடு. அந்த நஞ்சு ஈரலைக் கெடுக்கும். வேகவைத்தாலும் போகாது. அவித்தது மிஞ்சினால் மறுநாளைக்கு வைக்காதே, கொழகொழத்துவிடும்.

இனி தண்டல். 10,000 என்று எழுதி 8,500 கையில் கொடுப்பார்கள். நாளுக்கு 100 வீதம் 100 நாள் கட்ட வேண்டும். முதல் நாளிலிருந்தே அசல் குறைந்துகொண்டு வருகிறது, ஆனாலும் 1,500 முழுதாகப் போகிறது. ஐப்பசியில் வாங்கினால் வியாபாரமே இல்லாத நாளிலும் அந்த நூறு வாசலில் வந்து நிற்கும். அதைக் கட்ட இன்னொரு தண்டல், உங்களுக்கு நடந்ததும் இதுதான். சாலையோர வியாபாரி அடையாள அட்டை இருந்தால் வங்கி வழியாக பி.எம். ஸ்வநிதி கடன் கேளுங்கள். 2025 மாற்றத்துக்குப் பிறகு முதல் கடன் 15,000 வரை, மாதத் தவணை. அட்டை இல்லாவிட்டால் மாநகராட்சியில் இப்போதே விண்ணப்பியுங்கள், மழை தொடங்கிய பிறகு அலைய முடியாது.

மீனவர்களுக்கு ஒரு நல்ல ஏற்பாடு இருக்கிறது. மீன் கிடைக்கும் மாதங்களில் அவர்கள் 1,500 சேர்க்கிறார்கள், மத்திய, மாநில அரசுகள் 3,000 போட்டு, மீன் குறைந்த மாதங்களில் 4,500 ஆகத் தருகின்றன. தெரு வியாபாரிக்கு அப்படி ஒன்று வர வேண்டும் என்று மனதார விரும்புகிறேன். அதுவரை நம் உண்டியல்தான். கூழ் நன்றாக ஓடும் மாசி முதல் ஆனி வரை நாளுக்கு 50 எடுத்து வைத்தால் 120 நாளில் 6,000. தபால் நிலையக் கணக்கில் போடுங்கள். தீபாவளிச் சீட்டில் மட்டும் வேண்டாம். அது கைக்கு வந்ததுமே துணிக்கும் பலகாரத்துக்கும் போய்விடும், கார்த்திகை மழைக்கு ஒன்றும் மிஞ்சாது.

அன்புடன்,
அக்கா